சுவர் இல்லை என்ற வரி

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஈப்போவில் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்புக்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், தட்டெழுத்துப் பள்ளியில் வாங்கிய ஒரு சான்றிதழும் வாயும்தான். எங்கள் வீட்டில் என் வாயைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. அதை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

மலேசியாவில், எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம். ஈப்போவில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மாடியில் ஒரே ஓர் அறை. அதில் ஒரு மேசை, ஒரு தட்டெழுத்துப் பொறி, சுவரில் மாட்டிய வீட்டு வரைபடங்கள், மூலையில் இரண்டு மூட்டை சிமெண்டு. சிமெண்டு ஏன் அலுவலகத்தில் இருந்தது என்று நான் கடைசி வரை கேட்கவில்லை. அதுதான் என் முதலாளியின் கட்டடக் குத்தகை நிறுவனம். நிறுவனம் என்றால் அவரும் நானும் ஒரு பழைய லாரியும்.

அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர். பதினைந்து வயதில் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், கல் தூக்கப் போய், கொத்தனாராகி, பிறகு கொத்தனார்களுக்குத் தலைவராகி, நாற்பதை நெருங்கும்போது முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு வேலை எடுத்திருந்தார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, லயத்தை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்த பால்மரத் தொழிலாளர்கள் சிலர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று வைத்து, காசு சேர்த்து, சாலையோரமாகக் கொஞ்சம் நிலம் வாங்கினார்கள். அதில் இருபது வீடுகள். வரிசைக்குப் பத்தாக இரண்டு வரிசை. அதுதான் அண்ணன் எடுத்த வேலை.

அவருக்குத் தமிழ் எழுதப் படிக்க வரும். ஆங்கிலம் வராது. ஒப்பந்தமோ ஆங்கிலத்தில் இருந்தது. வேலையை மேற்பார்த்த ஆர்க்கிடெக்ட் ஈப்போவிலேயே அலுவலகம் வைத்திருந்த ஒரு சீனர்; அவருக்கு எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அதற்குத்தான் நான்.

முடிந்த வேலைக்குக் காசு கேட்கும் முதல் கிளேம் கடிதம் எழுதியது நன்றாக நினைவிருக்கிறது. அஸ்திவாரம் முடிந்திருந்தது. அண்ணன் பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தச்சர் பென்சிலால் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தேன். "வேலை மிகத் திருப்திகரமாக முன்னேறி வருகிறது, ஆகையால் கீழ்க்கண்ட தொகையைத் தயைகூர்ந்து விடுவிக்கவும்" என்று என் ஆங்கிலத்தில் வளைத்து வளைத்து எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொல். எந்தக் கட்டம் என்று ஆர்க்கிடெக்ட் கேட்டிருந்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அண்ணன் கோபப்படவில்லை. தான் எழுதிய தாளை ஓரத்திலிருந்து எடுத்து மறுபடியும் என் முன்னால் வைத்தார்.

"இதுலயே இருக்கு தங்கச்சி. நீ அழகா எழுதுன. ஆனா எதுக்குக் காசு கேக்குறோம்னு எழுதல."

அன்றுதான் ஒப்பந்தத்தின் பின்னால் இருந்த அட்டவணையை ஒழுங்காகப் படித்தேன். வீடு கட்டுவதை ஆறு கட்டமாகப் பிரித்திருந்தார்கள். முதலில் அஸ்திவாரம். அடுத்தது கான்கிரீட் தூண், உத்திரம், தரை. மூன்றாவது, கதவு ஜன்னல் நிலைகளோடு சுவர். நான்காவது கூரை, அதோடு மின்கம்பிக்கும் தண்ணீருக்கும் குழாய். ஐந்தாவது பூச்சு, கதவு, சாயம். ஆறாவது சாக்கடை, பாதை, சாவி ஒப்படைப்பு. ஒவ்வொரு கட்டத்துக்கும் மொத்தத் தொகையில் ஒரு பங்கு. கட்டம் முழுதாக முடிந்தால் பங்கு முழுதாக வரும். முக்கால்வாசி முடிந்தால் ஒரு காசும் வராது. வரிசை வரிசையாகக் கேட்கலாம் என்று மட்டும் ஒரு சலுகை. வரும் தொகையிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பார்கள். வீடு முடிந்ததும் அதில் பாதி, மீதி ஆறு மாதம் கழித்து, சுவர் விரிசல் விடவில்லை, கூரை ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு.

ஆகவே கடிதம் என்பது கெஞ்சுவதற்கு இல்லை. இந்தக் கட்டம், இந்த வரிசை, இந்தத் தேதியில் முடிந்தது, ஒப்பந்தப்படி அதன் பங்கு இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு, ஏற்கெனவே தந்தது இவ்வளவு, இப்போது வர வேண்டியது இவ்வளவு. ஆர்க்கிடெக்ட் ஆள் அனுப்பிப் பார்ப்பார். பார்த்தது கடிதத்தோடு பொருந்தினால் சான்றிதழ் எழுதுவார். அதைக் காட்டினால் சங்கம் காசோலை தரும். கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் அங்கே மண்ணில் ஏதோ ஒன்று நின்றாக வேண்டும். இரண்டாவது கிளேமில் இதைச் சரியாகச் செய்தேன். கடிதம் திரும்பி வரவில்லை. பிறகு என் தலைக்கனம் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மூன்றாவது கிளேமுக்கு முன்னால் ஆடி வந்தது.

ஆடியில் எந்த நல்ல காரியமும் செய்ய மாட்டார்கள். நிலை வைப்பதென்றால் ஆனி முடிவதற்குள் வைத்துவிட வேண்டும் என்று சங்கத்தார் எல்லோரும் ஒரே பிடியாக நின்றார்கள். அண்ணனும் அவர்களைப் போலத் தோட்டத்தில் பிறந்தவர்தானே, மறுக்கவில்லை. சுவர் எழும்பும்போது நிலை வைப்பதுதான் வழக்கம். அதை விட்டுவிட்டு, ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் இருபது வீட்டுக்கும் தலைவாசல் நிலையைத் தரையின் மேல் நிறுத்தி, இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை கொடுத்து ஆணி அடித்துவிட்டார்.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். இருபது நிலைகள், எல்லாவற்றுக்கும் மஞ்சள், குங்குமம், மாவிலை. கீழே நவதானியமும் ஒரு வெள்ளிக் காசும் வைத்து, அவரவர் வீட்டு நிலையை அவரவர் குடும்பம் தொட்டுக் கும்பிட்டது. சுற்றி வெறும் தூண்கள்தான். ஆனாலும் ஒவ்வொருத்தரும் குனிந்து, வலது காலை எடுத்து வைத்து, நிலைக்குள் நுழைந்தார்கள். இடது பக்கமும் வலது பக்கமும் திறந்து கிடந்த இடத்தில் ஒருத்தர் கூடச் சுற்றிப் போகவில்லை. வீடு வந்துவிட்டது என்றுதான் என் மனத்தில் பதிந்தது. எங்கள் ஆட்களுக்கு நிலை வைத்துவிட்டால் வீடு எழுந்த மாதிரிதான். என் தப்பு அங்கேதான் முளைத்தது.

அதன் பிறகு செங்கல் சரியாகக் கிடைக்கவில்லை. சூளைக்காரர் வேறு வேலைகளுக்குக் கல்லைக் கொடுத்துவிட்டு நமக்கு நாளைக்கு நாளைக்கு என்றார். மாதக் கடைசியில் முதல் வரிசைப் பத்து வீடுகளுக்குத்தான் சுவர் முடிந்திருந்தது. அந்த மூன்றாம் கட்டப் பங்கு வந்தால்தான் பலகை ஆலைக்காரர் கூரை மரம் இறக்குவார். மழைக்காலத்துக்கு முன் கூரை ஏறாவிட்டால் வேலை நிற்கும். வேலை நின்றால் சங்கம் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று அந்த ஆங்கிலத் தாளில் ஒரு பிரிவு இருந்தது. நான்தான் அதை அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னவள். அவர் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் பெயரில் எடுத்த முதல் வேலை. அது போனால் மறுபடியும் தவுக்கேயிடம் கொத்துக்கரண்டி பிடிக்கப் போக வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலை அவர் பென்சில் தாள் வந்தது. இப்படி இருந்தது:

"முதல் வரிசை பத்து வீடு. சுவர் முடிந்தது. நிலை ஜன்னல் எல்லாம் இருக்கிறது. தட்டிப் பார்த்தேன். ரெண்டாம் வரிசை பத்து வீடு. தலைவாசல் நிலை நிற்கிறது. முட்டு கொடுத்திருக்கிறது. சுவர் இல்லை."

அந்தக் கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. காசு கேட்டு எழுதும் கடிதத்தில் இல்லாததை எதற்குச் சொல்ல வேண்டும்? கடைக்காரன் எவனாவது தன்னிடம் இல்லாத சரக்கைப் பலகையில் எழுதி வைப்பானா? அழித்தேன். அழித்த பிறகு இரண்டு வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. இரண்டு வாக்கியம் ஒரே மாதிரி இருப்பது எனக்கு ஆகாது. சேர்த்து ஒன்றாக்கினேன்: இருபது வீடுகளிலும் கதவு நிலைகளுடன் சுவர் வேலை நிறைவுற்றது. படித்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. வாக்கியம் இருபது என்றதால் தொகையையும் இருபதுக்கே போட்டேன்.

தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்று பிற்பாடு என்னை நானே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். கண்ணுக்கு முன்னால் அந்த மாவிலையும் மஞ்சளும் நின்றது உண்மை. பணம் சீக்கிரம் வந்தால் அண்ணனுக்கு நல்லதுதானே என்று ஓரத்தில் ஓர் எண்ணம் ஓடியதும் உண்மை.

அண்ணன் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கையெழுத்துப் போட்டார். பிறகு தொகையின் மேல் விரலை வைத்தார்.

"கூடுதலா தெரியுதே தங்கச்சி?"

"பிடித்தம் எல்லாம் கழிச்சுத்தான் போட்டிருக்கேன் அண்ணே."

"நீ பாத்தா சரி."

அந்த மூன்று சொல்லை இன்று நினைத்தாலும் எனக்கு முகம் சுடுகிறது. ஆங்கிலக் கடிதத்தை மத்தியானம் தபாலில் சேர்த்தேன். அதையே தமிழில் எழுதிய படியை, சங்கச் செயலாளரிடம் கொடுக்கச் சொல்லி அண்ணனிடம் தந்தேன்.

அந்தத் தமிழ்ப் படி எதற்கு என்று அதுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. கோப்பில் வைக்க என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் கூடி அதைப் படிப்பார்கள் என்று அண்ணன் சொன்னதும், என் எழுத்தை நாலு பேர் கேட்பதைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன்.

ஒரு கூடாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. நாற்பது பேருக்குக் குறையாமல் ஆணும் பெண்ணுமாகக் கட்டுமானத்தின் முன்னால் செம்மண்ணில் நின்றார்கள். செயலாளர் அந்தத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, என் கடிதத்தைக் கையில் பிடித்தபடி நடக்கத் தொடங்கினார். கூட்டமும் கூடவே நடந்தது. ஒவ்வொரு வீட்டின் முன்னும் நின்று அந்த வரியைப் படித்தார். "சுவர் வேலை நிறைவுற்றது." உடனே கைகள் நீண்டன. பால்மரம் சீவிச் சீவிக் காய்த்துப் போன கைகள். சுவரைத் தட்டினார்கள், செங்கல் இடுக்கில் விரல் விட்டுப் பார்த்தார்கள், உள்ளே போய்ச் சுற்றி வந்தார்கள். பிறகு அந்த வீட்டுக்காரர் சொல்வார்: "இருக்கு." அதற்கப்புறம் எல்லோரும்: "இருக்கு." கிராணி பென்சிலால் ஒரு கோடு போடுவார். அடுத்த வீடு.

என் பக்கத்தில் நின்ற ஒரு நடுவயது அக்காவிடம், ஆர்க்கிடெக்ட் வந்து பார்ப்பாரே, பிறகு எதற்கு இது என்று கேட்டேன். அவர் அந்தத் தோட்டத்தில் இருபது வருடம் மரம் சீவியவர்.

"நாங்க தூக்கிட்டுப் போற பால நிறுத்து எழுதுறது யாரோ. எவ்வளவு எழுதுனாங்கன்னு நாங்க பாத்ததே இல்ல. சம்பளத்தன்னிக்குத்தான் தெரியும். இது எங்க காசு, எங்க வீடுலா. பாத்துட்டுத்தான் சொல்வோம்."

கோயிலில் கூட நான் அப்படி நின்றதில்லை. என் மேசையில் உட்கார்ந்து நான் தட்டிய சொற்களை நாற்பது பேர் வெயிலில் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல் வாயிலிருந்து வரும், ஒரு சுவர் பதில் சொல்லும். எழுதுவதென்றால் இவ்வளவு பெரிய காரியமா என்று வாயடைத்துப் போனேன். என் வாயை அடைக்க அதுவரை யாராலும் முடிந்ததில்லை.

பத்தாவது வீடும் முடிந்தது. கூட்டம் இரண்டாம் வரிசைக்குத் திரும்பியது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பத்து நிலைகள் வெயிலில் நின்றன. மாவிலை சருகாகியிருந்தது. முட்டுக்கட்டைகளுக்கு நடுவே அந்தப் பக்கத்துப் பால்மரங்கள் தெரிந்தன. கிராணி படித்தார்: "இருபது வீடுகளிலும் கதவு நிலைகளுடன் சுவர் வேலை நிறைவுற்றது."

கை நீட்ட அங்கே எதுவும் இல்லை.

அந்த வரிசையின் முதல் வீடு, என் பக்கத்தில் நின்றாரே, அந்த அக்காவுடையது. அவர் முன்னால் போனார். நிலைக்குள் குனிந்து நுழைந்தார். பிறகு சுவர் இருக்க வேண்டிய இடத்தின் வழியாக, தூணுக்குத் தூண் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"இந்த நெலைக்கு மஞ்ச பூசுனது நாந்தான். நெல இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா இதுல கதவ மாட்டிச் சாத்துனா நான் உள்ள நிக்கிறேனா, வெளிய நிக்கிறேனா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். கட்டாத சுவருக்குக் காசு கேட்டிருக்கிறான், அதுவும் நம்ம ஆளு. ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லவே தேவையில்லை.

அண்ணன் கிராணியிடமிருந்து தாளை வாங்கினார். முதன்முதலாக அதை முழுதாகப் படித்தார். இப்போது திரும்பி என்னைக் காட்டப் போகிறார் என்று நினைத்தேன். காட்டியிருந்தால் அது நியாயம். டைப் அடிக்கும் பெண் தப்பாக அடித்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் மானம் அங்கேயே திரும்பிவிடும்.

"கையெழுத்து என்னோடது," என்றார். "படிக்காம போட்டேன். இல்லாதது எழுதியிருக்கு. இந்த லெட்டர நான் திருப்பி எடுத்துக்கறேன். முதல் வரிசைக்கும் நீங்க இப்ப காசு குடுக்க வேணாம்."

அவ்வளவுதான். என் பக்கம் கண்ணைக் கூடத் திருப்பவில்லை. முதல் வரிசைக் காசு இல்லையென்றால் கூரை மரம் இல்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். அங்கே வேறு யாருக்கும் தெரியாது. அந்த மனிதரைப் பார்த்து எனக்கு அப்போது வந்ததை மரியாதை என்று சொன்னால் போதாது. பயமும் அதில் கொஞ்சம் இருந்தது.

நான் முன்னால் வந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

"எழுதுனது நான். அண்ணே எழுதிக் குடுத்தது வேற. எங்கிட்ட இருக்கு."

கோப்பில் சேர்க்க அவர் பென்சில் தாள்களை எடுத்து வைப்பது என் பழக்கம். அந்தத் தாள் கைப்பையில்தான் இருந்தது. எடுத்தேன். கிராணி வாங்கக் கை நீட்டினார். அந்த அக்கா தடுத்தார்.

"அதையே படிக்கட்டும். நீயே படிம்மா."

படித்தேன். முதல் வரிசை பத்து வீடு. சுவர் முடிந்தது. நிலை ஜன்னல் எல்லாம் இருக்கிறது. தட்டிப் பார்த்தேன். நான் நிறுத்தினேன். யாரோ ஒருவர் பின்னாலிருந்து "இருக்கு" என்றார். பிறகு எல்லோரும். ரெண்டாம் வரிசை பத்து வீடு. தலைவாசல் நிலை நிற்கிறது. முட்டு கொடுத்திருக்கிறது. "இருக்கு." அப்புறம் அந்தக் கடைசி வரி.

"சுவர் இல்லை."

அக்கா தன் நிலையின் மேல் கையை வைத்தார். "இல்ல," என்றார். நாற்பது பேரும் "இல்ல" என்றார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானத்தால் என்றுதான் முதலில் நினைத்தேன். அது மட்டும் இல்லை. "இருக்கு" என்பதை விட அந்த "இல்ல" கெட்டியாக ஒலித்தது. வாங்காத பொருளை வாங்கினேன் என்று சொல்லாத நாற்பது பேர், கட்டாத சுவரைக் கட்டினேன் என்று எழுதாத ஒருத்தர். நடுவில் நான் ஒருத்தி என் வழவழ வாக்கியத்தோடு.

கிராணி ஒரு தெளிந்த மனிதர். அழுகைக்கெல்லாம் நேரம் தரவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இங்கிலீசு லெட்டர் போயிருச்சா?"

"நேத்தே தபால்ல போட்டுட்டேன் ஐயா."

"நாளைக்குக் கெடச்சிரும். ஆள் வந்து பாத்தான்னா மொத்தத்தையும் திருப்பிருவான். அப்புறம் காசு அடுத்த மாசம்தான். ஒக்காந்து இப்பவே எழுதும்மா."

செங்கல் அடுக்கின் மேல் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். அண்ணன் ஒரு பக்கம், கிராணி ஒரு பக்கம், அக்கா எதிரில். அவருக்கு ஆங்கிலம் தெரியாது; ஆனால் நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லி, திரும்பிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அடுத்ததற்கு விட்டார். மூன்றாம் கட்டம், முதல் வரிசை, வீடு ஒன்று முதல் பத்து வரை: சுவரும் கதவு ஜன்னல் நிலைகளும் முடிந்தன. அதற்கான பங்கு, பிடித்தம் போக, கோரப்படுகிறது. மூன்றாம் கட்டம், இரண்டாம் வரிசை: தலைவாசல் நிலைகள் மட்டும் நிறுத்தி முட்டு கொடுக்கப்பட்டுள்ளன. ஜன்னல் நிலைகள் இல்லை. சுவர் தொடங்கவில்லை. இதற்கு எந்தத் தொகையும் கோரப்படவில்லை. கடைசியாக, முந்தைய தேதியிட்ட கடிதம் தவறானது, அதை இத்துடன் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரு வரி.

"முதல் வரிசக் காச ஏன் வேணாம்ங்கிறீங்க?" என்று அக்கா அண்ணனிடம் கேட்டார். "அது இருக்குன்னு நாங்க சொல்லிட்டோம்லா."

அண்ணன் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

திங்கள் காலை தட்டெழுத்தில் அடித்து, அண்ணனிடம் தமிழில் வரிக்கு வரி படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, தபால்காரன் வருவதற்கு முன்னால் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் போய் நின்றேன். ஆர்க்கிடெக்ட் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "எந்தத் தொகையும் கோரப்படவில்லை" என்ற வரிக்குக் கீழே மட்டும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு இழுத்தார். புதன்கிழமை ஆள் போய்ப் பார்த்தான். வெள்ளிக்கிழமை சான்றிதழ் வந்தது. அடுத்த வாரம் கூரை மரம் இறங்கியது. நான் பெருமூச்சு விட்டதற்கு அலுவலகத்து சிமெண்டு மூட்டை கூட அசைந்திருக்கும்.

அண்ணன் அதைப் பற்றி என்னை ஒரு சொல் கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். ஒன்று மட்டும் மாறியது: எதையும் நான் தமிழில் படித்துக் காட்டாமல் அவர் கையெழுத்துப் போடுவதில்லை. என்னிலும் ஒன்று மாறியது. அன்றிலிருந்து ஒவ்வொரு கிளேம் கடிதத்திலும் கடைசியில் இன்னும் முடியாதவை என்று ஒரு பத்தி வைத்தேன். அந்தப் பத்தியை நான் மெருகேற்றவே இல்லை. அவர் பென்சிலில் எழுதியதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். மற்ற வரிகளை விட அவற்றை எழுதும்போதுதான் எனக்குக் கை நின்று நிதானித்தது.

மழை வந்தது, முதல் வரிசைக்குக் கூரை ஏறியிருந்தது. செங்கல் வந்தது, இரண்டாம் வரிசைக்கும் சுவர் எழும்பியது. கட்டம் கட்டமாக நாங்கள் கேட்டோம். கட்டம் கட்டமாக அவர்கள் சுற்றி வந்து சொன்னார்கள். முடியாதவை என்ற பத்தி மாதத்துக்கு மாதம் சிறுத்துக்கொண்டே வந்தது. முதலில் எட்டு வரி, பிறகு ஐந்து, பிறகு ஒன்றரை.

அடுத்த வருடம் ஒரு நாள் கடைசிக் கட்டத்தின் பென்சில் தாள் வந்தது. சாக்கடை முடிந்தது, பாதை முடிந்தது, நகராண்மைக் கழகத்தின் குடிபுகும் அனுமதி கிடைத்தது என்றெல்லாம் எழுதிவிட்டு, அடியில் அவர் எழுதியிருந்தார்: "இல்லாதது: ஒன்றும் இல்லை." அந்தத் தாளைப் பொறியின் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்தக் கடைசி வரியை முதலில் தட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். இந்த முறை யாரும் கூட்டமாக நடக்கவில்லை. முந்தின நாளே சாவி கொடுத்தாகிவிட்டது. அவரவர் அவரவர் வீட்டுக்குள் போயிருந்தார்கள். தெருவில் கிராணி, அண்ணன், நான், மூன்றே பேர். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. கிராணி ஒவ்வொரு வீட்டின் முன்னும் நின்று, சாத்திய கதவைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாகப் படித்தார். உள்ளேயிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. இருக்கு. இருக்கு.

இரண்டாம் வரிசையின் முதல் வீட்டுக்கு வந்தோம். அந்த அக்காவின் வீடு. கதவுக்கு நீலச் சாயம் அடித்திருந்தார்கள். நிலையில் பழைய மஞ்சள் லேசாகத் தெரிந்தது. கிராணி படித்தார். பதில் வரவில்லை. மறுபடியும் படித்தார். அண்ணன் காலை மாற்றி மாற்றி நின்றார்.

உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

"நான் உள்ள நிக்கிறேன்," என்றார் அக்கா கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. "இருக்குன்னு எழுதிக்க சொல்லு அந்தப் பொண்ண."

அண்ணன் பென்சிலை என்னிடம் நீட்டினார். நான் கோடு போட்டேன்.